இல்லாத தீர்ப்புக்குப் பக்க எண் எங்கிருந்து வந்தது? சாட்பாட் தவறை அடித்துச் சொல்வதன் காரணமும் அதைக் குறைக்கும் வழிகளும்

2019 ஆகஸ்டில் எல் சால்வடோரிலிருந்து நியூயார்க் போன ஒரு விமானத்தில், சாப்பாடு பரிமாறும் தள்ளுவண்டி ஒரு பயணியின் முழங்காலில் இடித்தது. அவர் அவியான்கா விமான நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டார். காலம் கடந்து போடப்பட்ட வழக்கு, தள்ளுபடி செய்யுங்கள் என்றது நிறுவனம். சர்வதேச விமானப் பயணத்தில் ஏற்பட்ட காயத்துக்கு 2 ஆண்டுகளுக்குள் வழக்குப் போட வேண்டும் என்பது மாண்ட்ரியல் ஒப்பந்தத்தின் விதி. ஆனால் நடுவில் அந்த நிறுவனம் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போயிருந்தது. அந்தக் காலத்தில் கெடு ஓடாமல் நிற்குமா, அந்த நாட்களைக் கணக்கிலிருந்து கழிக்கலாமா என்பதுதான் கேள்வி. கழிக்கலாம் என்று சொல்லும் பழைய தீர்ப்புகள் கிடைத்தால் பயணியின் தரப்பு பிழைக்கும்.

அவருடைய வழக்கறிஞர் அந்தத் தீர்ப்புகளைச் சாட்ஜிபிடியில் தேடினார். கிடைத்தன. 2023 மார்ச்சில் நீதிமன்றத்தில் தாக்கல் செய்த மனுவிலும் அவற்றைச் சேர்த்தார். எதிர்த்தரப்பு வழக்கறிஞர்கள் எங்கே தேடியும் அவற்றைக் காணவில்லை. நீதிபதி கெவின் காஸ்டல் தீர்ப்புகளின் நகலைக் கேட்டார். வழக்கறிஞர் திரும்பவும் சாட்பாட்டிடம் போய், அது எழுதித் தந்த தீர்ப்பு வாசகங்களையே நகல் என்று கொடுத்தார். கடைசியில் தெரிந்தது, ஆறு தீர்ப்புகள் உலகத்திலேயே இல்லாதவை. 2023 ஜூனில் 5,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது.

இந்தக் கதையைப் பலர் ஏமாந்த வழக்கறிஞரின் கதையாகச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். அந்தப் போலித் தீர்ப்புகளை எழுத்து எழுத்தாகப் பார்த்தால், சாட்பாட் ஏன் இப்படிச் செய்கிறது என்பதற்கான விடை அதற்குள்ளேயே இருக்கிறது. அதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

எண்களை உற்றுப் பார்ப்போம்

ஆறில் முதன்மையான போலி, வர்கீஸ் என்பவர் சைனா சதர்ன் ஏர்லைன்ஸ் மீது போட்டதாகச் சொல்லப்பட்ட வழக்கு. அதன் மேற்கோள் இப்படி இருந்தது:

```
925 F.3d 1339 (11th Cir. 2019)
```

அமெரிக்க வழக்கறிஞர்களுக்கு இது ஒரு முகவரி. ஃபெடரல் ரிப்போர்ட்டர் என்ற தீர்ப்புத் தொகுப்பின் மூன்றாம் வரிசையில் 925ஆம் தொகுதி, 1339ஆம் பக்கம், பதினொன்றாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், ஆண்டு 2019. அந்தத் தொகுதி உண்மையிலேயே இருக்கிறது. அதில் இருப்பவை 2019ஆம் ஆண்டின் தீர்ப்புகள்தான், அதுவும் சரி. அந்த நீதிமன்றமும் இருக்கிறது. ஆனால் அந்தப் பக்கத்தில் இருப்பது முற்றிலும் வேறொரு வழக்கு.

இன்னொரு படி உள்ளே போனால் விஷயம் இன்னும் தெளிவாகிறது. இந்தப் போலித் தீர்ப்பு, தன் வாதத்துக்கு ஆதரவாக வேறொரு தீர்ப்பையும் மேற்கோள் காட்டியது. சிக்கர்மேன் என்பவர் கொரியன் ஏர் லைன்ஸ் மீது போட்ட வழக்கு அது. அந்தப் பெயரில் நிஜமாகவே ஒரு வழக்கு உண்டு, அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. நிஜ முகவரியையும் சாட்பாட் எழுதியதையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள்.

```
516 U.S. 217 (1996)
516 F.3d 1237 (11th Cir. 2008)
```

முதல் வரி நிஜம், இரண்டாவது கற்பனை. இரண்டிலும் 516 இருக்கிறது. ஆனால் முதல் வரியில் உச்ச நீதிமன்றத் தொகுப்பைக் குறிக்கும் எழுத்துகள் இருக்கும் இடத்தில், இரண்டாவது வரியில் மேல்முறையீட்டு நீதிமன்றத் தொகுப்பின் எழுத்துகள் வந்துவிட்டன. அதற்கு அப்புறம் எல்லாமே அந்தத் தவறுக்குத் தோதாக அமைந்துவிட்டன. மேல்முறையீட்டுத் தொகுப்பில் 516ஆம் தொகுதி 2008இல் வந்ததுதான். பக்க எண் நான்கு இலக்கத்தில் இருப்பதும் அந்தத் தொகுப்புக்குப் பொருத்தமே. ஒவ்வொரு துண்டும் பக்கத்துத் துண்டுடன் கச்சிதமாகப் பொருந்துகிறது. மொத்தமாகப் பார்த்தால் அப்படி ஒரு தீர்ப்பு கிடையாது.

மறந்து போனவர் உளறினால் எண்கள் கன்னாபின்னா என்று வரும். பொய் சொல்ல முடிவெடுத்தவர் இவ்வளவு நுணுக்கமாக ஆண்டையும் தொகுதியையும் சரிபார்த்துக்கொண்டு இருக்க மாட்டார். இங்கே நடந்திருப்பது இந்த இரண்டும் இல்லை.

அடுத்த துண்டு எது?

சாட்பாட்டுக்குள் இருக்கும் மொழி மாடல் செய்யும் வேலை ஒன்றே ஒன்றுதான். இதுவரை வந்த எழுத்தைப் பார்த்து, அடுத்து எந்தத் துண்டு வர எவ்வளவு வாய்ப்பு என்று கணக்கிடும். ஒன்றைத் தேர்ந்தெடுத்து எழுதும். பிறகு அந்தத் துண்டையும் சேர்த்துக்கொண்டு அதற்கு அடுத்ததைக் கணக்கிடும். இந்தத் துண்டுக்கு டோக்கன் என்று பெயர். சில சமயம் முழுச் சொல், சில சமயம் சொல்லின் பாதி, சில சமயம் இரண்டு மூன்று இலக்கங்கள். இந்த வாய்ப்புக் கணக்கை அது கற்றுக்கொண்டது கோடிக்கணக்கான பக்கங்களை வைத்து, மறைக்கப்பட்ட அடுத்த டோக்கனை ஊகித்து ஊகித்துத் திருத்திக்கொண்டதன் மூலம்.

‘நிலவில் முதலில் கால் வைத்தவர்’ என்று ஒரு வாக்கியம் தொடங்கினால், அடுத்து ‘நீல்’ வரும் வாய்ப்பு மற்ற எல்லாவற்றையும் விட மலைபோல உயர்ந்து நிற்கும். ஏனென்றால் அந்தத் தகவல் லட்சக்கணக்கான இடங்களில் ஒரே மாதிரி எழுதப்பட்டிருக்கிறது. இதே மாடலுக்கு முன்னால், அதிகம் பேர் அறியாத ஒரு தாவரவியல் ஆய்வாளரின் பிறந்த தேதி கேள்வியாக வந்தது என்று வைத்துக்கொள்வோம். அது எங்கோ ஓர் இரங்கல் குறிப்பில் ஒரே ஒரு முறை அச்சாகியிருக்கலாம். அந்த ஒரு வரி மாடலில் அழுத்தமான தடத்தை விட்டிருக்காது. ஆனால் ‘பிறந்த தேதி’ என்ற சொற்களுக்குப் பிறகு ஒரு மாதத்தின் பெயர், 1 முதல் 31க்குள் ஓர் எண், நான்கு இலக்க ஆண்டு என்ற வரிசை வரும் என்பதை அது கோடிக்கணக்கான முறை பார்த்திருக்கிறது.

ஆகவே அதனிடம் தேதியின் வடிவம் கெட்டியாக இருக்கிறது, தேதி மட்டும் இல்லை. மார்ச்சுக்கு 9 சதவீதம், அக்டோபருக்கு 10 சதவீதம் என்று வாய்ப்பு பரவிக் கிடக்கும் (இவை கணக்குப் புரிவதற்காக நான் எழுதிய எண்கள்). ஏதாவது ஒன்றை எடுத்தாக வேண்டும், எடுக்கும். எடுத்த பிறகு திரையில் தெரிவது ‘அக்டோபர் 14’ மட்டும்தான். அந்த அக்டோபர் 10 சதவீதத்தில் வந்ததா 99 சதவீதத்தில் வந்ததா என்பது எழுத்தில் எங்கும் தெரியாது. என்னைக் கேட்டால், புதிதாகப் படிப்பவர் பிடித்துக்கொள்ள வேண்டிய முடிச்சு இதுதான். சரியான பதிலும் தவறான பதிலும் வேறு வேறு வழியில் தயாராவதில்லை. ஒரே வேலைதான் நடக்கிறது. தகவல் அடிக்கடி எழுதப்பட்டதாக இருந்தால் விடை உண்மையோடு ஒத்துப்போகிறது, அரிதாக எழுதப்பட்டதாக இருந்தால் போவதில்லை.

2025இல் ஓப்பன்ஏஐ ஆய்வாளர்களும் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை ஒன்று இதைக் கணிதமாகவே காட்டுகிறது. பிறந்த தேதி போல எந்த விதியிலும் அடங்காத தகவல்களை எடுத்துக்கொள்கிறார்கள். அவற்றில் பயிற்சித் தரவில் ஒரே ஒரு முறை மட்டும் வந்தவை 20 சதவீதம் என்றால், இன்னும் சாட்பாட்டாக மாற்றப்படாத அடிப்படை மாடல் அந்த வகைக் கேள்விகளில் குறைந்தது 20 சதவீதம் அளவுக்குத் தவறும் என்று எதிர்பார்க்கலாம். தரவில் ஒரு பிழைகூட இல்லாவிட்டாலும் இது நடக்கும். ‘இணையத்தில் குப்பை இருக்கிறது, அதைப் படித்துக் கெட்டுப்போனது’ என்ற வழக்கமான விளக்கம் பாதிதான் சரி.

இதை ஆங்கிலத்தில் ஹாலுசினேஷன் என்கிறார்கள், தமிழில் பிரமை, மாயத்தோற்றம் என்று எழுதுகிறோம். எனக்கு அந்தச் சொல் அவ்வளவாகப் பொருந்தவில்லை. பிரமை என்றால் மற்ற நேரத்தில் சரியாகப் பார்க்கும் கண் இப்போது மட்டும் ஏமாறுகிறது என்று பொருள். இங்கே அப்படி இரண்டு நிலைகள் இல்லை. இட்டுக்கட்டுதல் என்ற நம் பழைய சொல் இன்னும் நெருக்கமாக இருக்கிறது.

அடித்துச் சொல்லும் குரல் எங்கிருந்து வருகிறது?

தவறு ஏன் வருகிறது என்பது சரி. அதைத் தயங்காமல் ஏன் சொல்கிறது?

முதல் காரணம் அது படித்தவற்றில் இருக்கிறது. கலைக்களஞ்சியம், பாடநூல், செய்தி, தீர்ப்பு எல்லாமே தெரிந்தவர்கள் தெரிந்ததை எழுதியவை. தெரியாதவர்கள் எழுதுவதே இல்லை, பேசாமல் இருந்துவிடுகிறார்கள். அந்த மௌனம் எந்தப் பக்கத்திலும் அச்சாகவில்லை. ஆகவே தீர்ப்பு என்றால் உறுதியான நடையில்தான் இருக்கும் என்று மாடல் கற்றுக்கொள்கிறது. அந்த நடையும் பக்க எண்ணைப் போல வடிவத்தின் ஒரு பகுதி. உறுதியாக இருப்பது எழுத்தின் நடை. அதற்குப் பின்னால் ஓர் ஆள் சரிபார்த்துவிட்டு உறுதியாகப் பேசுகிறார் என்பது நாம் பழக்கத்தில் சேர்த்துக்கொள்வது.

இரண்டாவது காரணம், மாடல்களுக்கு வைக்கும் தேர்வு. நான்கு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் தேர்வில் தவறுக்கு மதிப்பெண் கழிப்பதில்லை என்றால் நாம் என்ன செய்வோம்? தெரியாத கேள்விக்கும் எதையாவது குறித்துவிட்டு வருவோம். குறித்தால் நூறு கேள்வியில் சுமார் 25 சரியாக விழும், விட்டுவிட்டால் பூஜ்யம். தவறுக்கு மூன்றில் ஒரு மதிப்பெண் கழித்தால் குருட்டாம்போக்கில் குறிப்பதன் சராசரி லாபம் சரியாகப் பூஜ்யமாகிவிடும், பேசாமல் விட்டாலும் நஷ்டமில்லை. மாடல்களை ஒப்பிடும் தேர்வுகள் பெரும்பாலும் முதல் வகை. ‘தெரியாது’ என்ற பதிலுக்கும் தவறான பதிலுக்கும் ஒரே பூஜ்யம்தான். அந்தப் பட்டியலில் மேலே வரப் பயிற்றுவிக்கப்படும் மாடல், ஊகித்துச் சொல்லவே பழகுகிறது. மேலே சொன்ன 2025 கட்டுரையின் முக்கியமான வாதமும் இதுதான்.

மூன்றாவது, பேச்சுப் பயிற்சி. அடிப்படை மாடலைச் சாட்பாட்டாக மாற்றும்போது, மனிதர்கள் எந்தப் பதிலை விரும்புகிறார்கள் என்று பார்த்துத் தீட்டுவார்கள். தெளிவான, முழுமையான, தயங்காத பதில் மனிதர்களுக்குப் பிடிக்கிறது. இதற்கு ஒரு விலை உண்டு. ஜிபிடி-4 வெளியானபோது 2023இல் வந்த தொழில்நுட்ப அறிக்கையில் ஒரு வரைபடம் இருக்கிறது. தீட்டுவதற்கு முன்னால், மாடல் ஒரு விடைக்கு எவ்வளவு வாய்ப்புக் கொடுத்ததோ ஏறக்குறைய அதே விகிதத்தில் அந்த விடைகள் சரியாக இருந்தன. தீட்டிய பிறகு அந்த ஒற்றுமை குறைந்துபோனது. அதாவது தன் நிச்சயமின்மை பற்றிய ஒரு தடயம் மாடலுக்குள் இருந்தது, நம்மோடு இனிமையாகப் பேசக் கற்றபோது அது கொஞ்சம் கெட்டது. இந்தத் தடயத்தை வெளியே கொண்டுவர வழி இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

முதல் சொல் விழுந்த பிறகு

மாடலுக்கு அழிப்பான் கிடையாது. எழுதிய டோக்கன் எழுதியதுதான், அடுத்தது அதற்கு ஏற்றபடி வரவேண்டும். 2023இல் வந்த ஓர் ஆய்வு இதை அழகாகக் காட்டியது. 9677 பகா எண்ணா என்பது கேள்வி. உண்மையில் அது பகா எண்தான். ஆனால் பதில் ‘இல்லை’ என்று தொடங்கிவிட்டது. பகா எண்ணா என்று கண்டுபிடிக்கப் பல வகுத்தல்கள் செய்து பார்க்க வேண்டும், அதற்கு முன்பே முதல் சொல் விழுந்துவிட்டது. ‘இல்லை’ என்று சொன்ன பிறகு எந்த இரண்டு எண்களைப் பெருக்கினால் வருகிறது என்று காட்டுவதுதானே முறை? 13ஐ 745ஆல் பெருக்கினால் 9677 வரும் என்று விளக்கமும் வந்தது. பெருக்கிப் பாருங்கள், 9685 வரும்.

இதில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது அடுத்த பகுதி. அதே மாடலிடம் தனியாக, வேறொரு உரையாடலில், 9677ஐ 13 வகுக்குமா என்று மட்டும் கேட்டபோது வகுக்காது என்று சரியாகச் சொன்னது. இப்படித் தான் செய்த தவறுகளில் 67 சதவீதத்தைச் சாட்ஜிபிடியும் 87 சதவீதத்தை ஜிபிடி-4உம் தனியாகக் கேட்டபோது அடையாளம் கண்டன. தெரிந்த விஷயத்தையே, முதலில் சொன்னதற்கு முட்டுக்கொடுக்கப் போய்த் தவறாக எழுதுகிறது.

இப்போது நியூயார்க் வழக்கறிஞரின் நிலையைத் திரும்பிப் பாருங்கள். அவருக்கு வேண்டியது, கெடு நின்றுபோகும் என்று சொல்லும் தீர்ப்பு. அப்படி ஒன்று இருக்கிறது என்ற அனுமானம் கேள்விக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது. தீர்ப்பின் பெயர் வந்தது, அதற்கேற்ற எண்கள் வந்தன, அதற்கேற்ற வாசகம் வந்தது. சந்தேகம் வந்து, இது நிஜ வழக்குதானா என்று அதே உரையாடலில் கேட்டார். நிஜம்தான், பெரிய சட்டத் தரவுத்தளங்களில் கிடைக்கும் என்று பதில் வந்தது. தனக்கு மேலே இருந்த பக்கங்களுக்கெல்லாம் பொருத்தமான அடுத்த வரி அதுதான். அந்த நேரத்தில் எந்தத் தரவுத்தளத்தையும் அது திறந்து பார்க்கவில்லை.

என்ன செய்யலாம்?

மேலே சொன்னது புரிந்துவிட்டால் வழிகள் தாமாகவே கிடைக்கும். நினைவிலிருந்து எழுதவைக்காமல் கண்முன் இருப்பதிலிருந்து எழுதவைப்பதுதான் பலன் அதிகமான வழி. பதில் இருக்க வேண்டிய ஆவணம் உங்களிடம் இருந்தால், அதையே ஒட்டிவிட்டுக் கேளுங்கள். அப்போது சரியான டோக்கனுக்கு வாய்ப்பு கூடுகிறது, ஏனென்றால் அது சில வரிகளுக்கு மேலேயே இருக்கிறது. நான் பயன்படுத்தும் வாசகம் இது:

```
கீழே உள்ள ஆவணத்தில் இருப்பதை மட்டும் வைத்துப் பதில் எழுது.
ஒவ்வொரு பதிலுக்கும் ஆதாரமான வரியை,
ஒரு எழுத்தும் மாற்றாமல் அப்படியே கொடு.
ஆதார வரி இல்லையென்றால் "ஆவணத்தில் இல்லை" என்று மட்டும் எழுது.
```

இதில் உண்மையில் வேலை செய்வது இரண்டாவது வாக்கியம். ஆதார வரியை நகலெடுத்து ஆவணத்தில் Ctrl+F போட்டுத் தேடினால், இருக்கிறதா இல்லையா என்று ஐந்து நொடியில் தெரிந்துவிடும். வரி கிடைக்காவிட்டால் அந்தப் பதிலை அப்படியே ஒதுக்கிவிடலாம். கிடைத்தாலும் அந்த வரி அந்தப் பதிலைத்தான் சொல்கிறதா என்று ஒரு தடவை படிக்க வேண்டும். மூன்றாவது வாக்கியம் ‘தெரியாது’ என்பதற்கு ஒரு வடிவம் கொடுக்கிறது. மற்றபடி ‘தவறாகச் சொல்லாதே’, ‘பொய் எழுதாதே’ என்று மட்டும் சேர்ப்பதால் பெரிய பலனில்லை. எது தவறு என்று பிரித்துப் பார்க்கும் தனி இடம் அதற்குள் இல்லாதபோது, அந்தக் கட்டளை எதைப் பிடித்துக்கொள்ளும்?

இணையத்திலோ தரவுத்தளத்திலோ தேடி, கிடைத்த பக்கங்களை வைத்துப் பதில் எழுதும் சாட்பாட்டுகள் இதே வேலையைத் தாமாகவே செய்கின்றன. தவறு நன்றாகக் குறைகிறது, ஆனால் ஒழிந்துவிடுவதில்லை. வழக்கறிஞர்களுக்காகவே, நிஜத் தீர்ப்புகளைத் தேடித் தரும்படி உருவாக்கப்பட்ட கருவிகளை ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தினர் 2024இல் சோதித்தார்கள். சோதனைக் கேள்விகளில் ஆறில் ஒன்றுக்கோ அதற்கு மேலோ இட்டுக்கட்டல் இருந்தது. அங்கே தவறின் முகமும் மாறிவிடுகிறது. தீர்ப்பு நிஜமாக இருக்கும், இணைப்பு வேலை செய்யும், ஆனால் தீர்ப்பு சொல்லாத ஒன்றை அதன் தலையில் கட்டியிருக்கும். இணைப்பு இருக்கிறது என்பதைப் பார்த்து நிம்மதியடைவது போதாது, திறந்து அந்த வாக்கியத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

ஆவணம் எதுவும் கையில் இல்லாதபோது என்ன செய்வது? இங்கேதான் முன்னால் சொன்ன தடயம் உதவுகிறது. நிச்சயமில்லாத விடையில் வாய்ப்பு பல பக்கம் சிதறிக் கிடக்கும், ஒரு தடவை கேட்டால் அதில் ஒன்று விழும், இன்னொரு தடவை வேறொன்று விழும். ஆகவே அதே கேள்வியைப் புதிய உரையாடலில், முந்தைய பதிலின் நிழல் படாமல், நான்கைந்து முறை கேளுங்கள். ஒவ்வொரு முறையும் அதே ஆண்டு, அதே பெயர் வந்தால் தகவல் ஆழமாகப் பதிந்திருக்கிறது. ஒரு தடவை 1911, இன்னொரு தடவை 1923, அப்புறம் 1908 என்று வந்தால் அது ஊகம். ஆக்ஸ்ஃபோர்ட் ஆய்வாளர்கள் 2024இல் நேச்சர் இதழில் வெளியிட்ட முறை இதன் முறைப்படுத்திய வடிவம்தான். சொற்கள் மாறியிருக்கின்றனவா என்று பார்க்காமல் பொருள் மாறியிருக்கிறதா என்று அளக்கிறார்கள். பொருள் அதிகம் சிதறினால் இட்டுக்கட்டல் என்று கொள்கிறார்கள்.

இதிலும் கேட்கும் விதம் முக்கியம். ‘இப்படி ஒரு கட்டுரை இருக்கிறதா?’ என்று கேட்டால், ஆம் என்று சொல்வது எளிது, பத்துத் தடவையும் ஆம் என்றே வரலாம். ‘இந்தக் கட்டுரையை எழுதியவர்கள் யார் யார்?’ என்று கேட்க வேண்டும். ஆம் இல்லை என்பதில் இரண்டே விடைகள்தான், ஆசிரியர் பெயர்களிலோ சிதற எத்தனையோ இடம் இருக்கிறது. நிஜக் கட்டுரை என்றால் பெயர்கள் திரும்பத் திரும்ப ஒத்துப்போகும். இட்டுக்கட்டியது என்றால் தடவைக்கொரு பட்டியல் வரும். 2023இல் இந்த மறைமுகக் கேள்வி முறையைச் சோதித்தவர்கள், கற்பனை நூற்குறிப்புகளைப் பிரித்தெடுக்க இது உதவுகிறது என்று காட்டினார்கள். வர்கீஸ் வழக்கையே எடுத்துக்கொண்டால், புதிய உரையாடல்களில் அந்தப் பயணி எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குப் போனார், கீழ் நீதிமன்றம் என்ன சொன்னது, தீர்ப்பை எழுதிய நீதிபதி யார் என்று தனித்தனியாகக் கேட்டிருக்கலாம்.

இந்த இடத்தில் பலர் செய்யும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நிரல் எழுதி மாடலைப் பயன்படுத்துவோர் `temperature` என்ற அளவை 0 ஆக்கினால் இட்டுக்கட்டல் நின்றுவிடும் என்று நினைக்கிறார்கள். அது செய்வது, சிதறிக் கிடப்பவற்றில் எப்போதும் உயரமானதையே எடு என்பதுதான். 10 சதவீத அக்டோபர்தான் உயரம் என்றால் ஒவ்வொரு தடவையும் அக்டோபர்தான் வரும். தவறு போகவில்லை, தவறைக் காட்டிக்கொடுக்கும் தடுமாற்றம் போய்விட்டது. திரும்பக் கேட்டு ஒப்பிடும் சோதனையும் இந்த அமைப்பில் பயன்படாது.

கேள்வியைத் திருத்துவதும் உதவும். ‘கெடு நின்றுபோகும் என்று சொல்லும் தீர்ப்புகளைத் தா’ என்பதற்குப் பதிலாக, ‘திவால் நடவடிக்கை நடக்கும் காலம் இந்தக் கெடுவைப் பாதிக்குமா? இரு பக்கமும் உள்ள வாதங்கள் என்ன?’ என்று கேட்டால், இல்லாத ஒன்றை இருப்பதாக வைத்துக்கொண்டு தொடங்கும் கட்டாயம் குறைகிறது. கணக்கு, தர்க்கம் போன்றவற்றில் முதலில் படிப்படியாக எழுதச் சொல்லி, முடிவைக் கடைசியில் கேளுங்கள். 9677இல் ‘இல்லை’ முதலில் விழுந்ததுதானே வினை? வகுத்தல்கள் முதலில் வந்தால் முடிவு அவற்றுக்கு ஏற்ப வரும்.

சந்தேகம் வந்தால் அதே உரையாடலில் ‘நிச்சயமா?’ என்று மட்டும் கேட்காதீர்கள். இரண்டு விதமாகவும் அது கெடுக்கும். சில சமயம் முன்னால் சொன்னதற்கே முட்டுக்கொடுக்கும், சில சமயம் சரியான பதிலைக்கூட மன்னிப்புக் கேட்டு மாற்றிவிடும். இரண்டுமே உரையாடலுக்குப் பொருத்தமான அடுத்த வரிகள், அவ்வளவுதான்.

எல்லாவற்றையும் சரிபார்க்கப் போனால் சாட்பாட்டே எதற்கு என்று கேட்கலாம், நியாயம்தான். ஆனால் எல்லா வரியும் ஒரே ஆபத்தில் இல்லை. ஒரு கருத்தின் பொது விளக்கம் ஆயிரம் இடங்களில் எழுதப்பட்டது, பெரும்பாலும் தேறிவிடும். சறுக்குவது ஒரே ஓர் இடத்தில் எழுதப்பட்ட குறிப்பான தகவல்களில். ஆட்களின் பெயர், தேதி, பக்க எண், மேற்கோள் குறிக்குள் வரும் வாசகம், கட்டுரைத் தலைப்பு, இணைய முகவரி, சட்டப் பிரிவு எண், மருந்தின் அளவு ஆகியவை அவை. பதிலைப் படிக்கும்போது இவற்றை மட்டும் அடிக்கோடிட்டுக்கொண்டு, ஒவ்வொன்றையும் அதன் சொந்த இடத்தில் பாருங்கள். ஆய்வுக் கட்டுரைக்கு doi.org, தீர்ப்புக்கு நீதிமன்றத்தின் பதிவு, மருந்துக்கு மருத்துவரோ மருந்தாளுநரோ. ஒரு பக்கப் பதிலில் இப்படி ஏழெட்டு இடங்கள்தான் இருக்கும்.

திரும்பக் கேட்டுப் பார்க்கும் முறைக்கு ஓர் ஓட்டை உண்டு, அதை மறைக்கக்கூடாது. எல்லோரும் தவறாகவே எழுதி வைத்திருக்கும் விஷயத்தில் அது பயன்படாது. சீனப் பெருஞ்சுவர் நிலவிலிருந்து கண்ணுக்குத் தெரியும் என்பது போல மக்கள் திரும்பத் திரும்பச் சொன்ன பொய் மாடலில் ஆழமாகப் பதிந்திருந்தால், ஐந்து தடவை கேட்டாலும் ஐந்து தடவையும் மாறாமல் வரக்கூடும். ஒத்துப்போகும் பதில் காட்டுவது, அது பலமுறை எழுதப்பட்டது என்பதை மட்டுமே. சிதறும் பதிலை உடனே தள்ளிவிடலாம், ஒத்துப்போகும் பதிலுக்கு வெளியே ஒரு சாட்சி இன்னும் வேண்டும். சிக்கர்மேன் வழக்கில் அந்தச் சாட்சி கிடைக்க ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் இருக்கின்றன, பெயரைப் போட்டுத் தேடினால் முதலில் வருவது 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பு. 2008 என்று எழுதியிருந்த வரிக்குப் பக்கத்தில் அதை வைத்துப் பார்த்திருந்தால் போதும்.